ஒன்றரை மாத ஊசிக்கு முந்தின நாள் நான் சொல்லி அனுப்புவது

கிராம சுகாதார செவிலியர்கள் எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் கையிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். மறுநாள் தவணை வரும் குழந்தைகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நானும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்த வேலையைத்தான் செய்கிறேன்.

என் பதிவேட்டில் தவணை தவறிய பிள்ளைகளைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஒன்றரை மாத ஊசிக்கு ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுவார்கள். இரண்டரை மாதத்தில்தான் ஆள் குறையும். கூப்பிட்டுக் கேட்டால் “மறந்துட்டேன் சிஸ்டர்” என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வரும். முதல் ஊசி போட்ட அன்று ராத்திரி பிள்ளை அழுது தீர்த்திருக்கும், உடம்பு கொதித்திருக்கும், தொடை வீங்கியிருக்கும். “மறுபடியும் அந்தக் கொடுமையா? கொஞ்ச நாள் போகட்டும்” என்று மாமியாரோ பாட்டியோ சொல்லியிருப்பார்கள். தேதி எல்லோருக்கும் நினைவில்தான் இருக்கிறது. அந்த ஒரு ராத்திரி எப்படி இருக்கும் என்று முன்கூட்டி யாரும் சொல்லாததுதான் சிக்கல். அதனால் நான் ஞாபகப்படுத்தும்போது தேதியோடு நிறுத்துவதில்லை. ராத்திரி என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

முதலில் தேதி. இதிலேயே குழப்பம் அதிகம். “ஒன்றரை மாசம்” என்று பேச்சுக்குச் சொன்னாலும் கணக்கு ஆறு வாரம், அதாவது 42 நாள். அதற்கு ஒரு நாள் முன்னால் வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவோம். 2025 ஜூன் 5, வியாழக்கிழமை பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 42 நாள் முடிவது ஜூலை 17, அதுவும் வியாழன். ஜூலை 16 புதன்கிழமை கிளம்பி வந்தால் 41 நாள்தான் ஆகியிருக்கும். வெயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவிடம் “அடுத்த வாரம் வாம்மா” என்று சொல்வது எங்களுக்கும் சங்கடம். இந்தக் குழந்தைக்கு முதல் தேதி ஜூலை 23.

அடுத்த தவணைக்கு இடைவெளி நான்கு வாரம். “ஒரு மாசம் கழிச்சு” என்று மனதில் வைத்துக்கொண்டால் ஆகஸ்ட் 23 என்று தோன்றும், அது சனிக்கிழமை. சரியான தேதி ஆகஸ்ட் 20, புதன். அதிலிருந்து நான்கு வாரம் செப்டம்பர் 17, அதுவும் புதன். ஒரு புதனில் தொடங்கிவிட்டால் நாலாவது புதன், அடுத்த நாலாவது புதன் என்று காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டே போகலாம். ஆகஸ்ட் 20ஐ விட்டால் அடுத்த புதன் ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி விடுமுறை. இப்படி விடுமுறை விழுந்தால் அந்த வாரம் ஊசி என்றைக்கு என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு ஒன்பது மாதம் முடிவது 2026 மார்ச் 5, வியாழன். இங்கேயும் மார்ச் 4 புதன் ஒரு நாள் குறைவு. மார்ச் 11தான் சரி. வியாழக்கிழமை பிறந்த பிள்ளைகளுக்கு ஆறு வாரக் கணக்கில் இந்த ஒரு நாள் இடிப்பது எப்போதும் உண்டு.

தேதி தாண்டிவிட்டால்? அதற்காகப் பயந்து வராமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். “லேட்டா வந்தா திட்டுவீங்க, மறுபடி முதல்லேர்ந்து போடுவீங்க” என்று ஒரு பெண் சொன்னாள். முதலிலிருந்து போடுவதே கிடையாது. போட்டது போட்டதுதான். விட்ட இடத்திலிருந்து தொடர்வோம், இரண்டு தவணைக்கு நடுவில் நான்கு வாரமாவது இருக்க வேண்டும், அவ்வளவே. சளி, லேசான இருமல், லேசான வயிற்றுப்போக்கு இருந்தாலும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நல்ல காய்ச்சலோடு பிள்ளை துவண்டு கிடந்தால் அது வேறு, அன்றைக்கு மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். எடை குறைவாகப் பிறந்த குழந்தையாக இருந்தாலும் பிறந்த தேதியை வைத்தே கணக்கு. எடை ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு தொல்லை, ஞாபகப்படுத்தும் குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது என்பது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது பெரும்பாலும் கணவரின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவர் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். அம்மாவும் பிள்ளையும் தாய் வீட்டில் இருப்பார்கள். செய்தி அவருக்குப் போகும், வேலை மும்முரத்தில் அவர் பார்க்கவே மாட்டார். இரண்டாம் தவணையின்போது பிள்ளை எந்த ஊரில் இருக்கும் என்பதைச் செவிலியரிடம் சொல்லி, கையில் இருக்கும் எண்ணையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவு புகுந்த ஊரில் இருக்கிறது, இங்கே போட மாட்டார்கள் என்று நினைத்துத் தாய் வீட்டிலேயே மூன்று மாதம் ஓட்டியவர்கள் உண்டு. எந்த அரசு சுகாதார நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம். அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும்.

அப்போது எடுத்து வர வேண்டியதில் முதல் பொருள் அந்தத் தாய் சேய் நல அட்டைதான். நாங்கள் பேச்சுவழக்கில் ஊசி அட்டை என்போம். அதில் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் இருக்கும், பிறந்த அன்று போட்ட மூன்றும் பதிவாகியிருக்கும்: இடது தோளில் காசநோயைத் தடுக்கும் பிசிஜி, தொடையில் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, வாயில் போலியோ சொட்டு. தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆனவர்களுக்குச் சில சமயம் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும். ஊசி போட்டிருப்பார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருப்பார்கள், அட்டையில் ஏறியிருக்காது. அந்தக் காகிதத்தையும் கொண்டு வந்தால் பார்த்து எழுதிவிடுவோம். அட்டையை லேமினேட் செய்து கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன் மேல் எழுத முடியாது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் பதிவு எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த காலங்களில் எத்தனையோ அட்டைகள் போயிருக்கின்றன. படம் வைத்திருந்தவர்களுக்கு எழுதிக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

அப்புறம் துணி. நாமே ஊசி போடுகிற மாதிரி நினைத்துப் பார்த்தால் புரியும். இரண்டு தொடையும் வலது தோளும் தெரிய வேண்டும். கழுத்து வழியாகப் போடும் இறுக்கமான முழுக்கை பனியன், அதன் மேல் கால் வரை மூடிய பேண்ட், அதற்கும் மேல் டவலைச் சுற்றி, கையில் உறை மாட்டிக் கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றாக அவிழ்ப்பதற்குள் பிள்ளை வீறிட ஆரம்பித்துவிடும், ஊசி இன்னும் எடுக்கவே இல்லை. முன்பக்கம் நாடா கட்டும் ஜப்லா, கீழே இடுப்புத் துணி, போர்த்த ஒரு பருத்தித் துணி, இதுவே நல்லது. மாற்றுத் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் வந்தால் உதவி, பையைப் பிடிக்கவாவது ஆள் வேண்டும்.

பால் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று ஒரு பேச்சு ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. பசியோடு இருக்கிற பிள்ளை கூடுதலாக அழும். வரும் முன்னே கொடுங்கள், ஊசி போட்ட கையோடும் கொடுங்கள். வயிறு முட்டக் கொடுத்த உடனே சொட்டு மருந்து ஊற்றினால் சில பிள்ளைகள் கக்கிவிடும், அதனால் கொஞ்சம் முன்னதாகக் கொடுத்து ஏப்பம் எடுத்துக்கொண்டு வந்தால் நல்லது.

ஒன்றரை மாதத்தில் என்னென்ன போடுவோம் என்பதை எண்ணிச் சொல்லிவிடுவது என் வழக்கம். வாயில் இரண்டு: போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா. ஊசி மூன்று. இடது தொடையில் பெண்டா. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை, ஹிப் கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் என்று ஐந்துக்கு ஒரே ஊசி. வலது தொடையில் நியூமோகாக்கல், அதுவும் நிமோனியாவுக்குத்தான். வலது தோளில் போலியோ ஊசி, வெறும் 0.1 மில்லி, தோலுக்குள்ளேயே போடுவதால் கொசு கடித்த தடிப்பு மாதிரி ஒரு புடைப்பு எழும்பி அடங்கும். மூன்று என்று முன்னாலேயே தெரிந்தால் அம்மாக்கள் தாங்கிக்கொள்கிறார்கள். ஒன்று போட்டதும் முடிந்தது என்று நினைத்து எழுந்தவளிடம் “இன்னும் ரெண்டு இருக்கு” என்று சொன்னால்தான் கோபம் வரும்.

இதோடு சேர்த்து நான் சொல்லும் இன்னொன்று, இரண்டரை மாதத்தில் ஒரே ஒரு ஊசிதான். பெண்டாவும் வாய்ச் சொட்டுகளும் மட்டும். மூன்றரை மாதத்தில் மறுபடி மூன்று. “அடுத்த தடவை ஒண்ணுதானா சிஸ்டர்?” என்று கேட்டுக்கொண்டே போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வோம். பஸ் போய்விடும் என்று நழுவப் பார்ப்பார்கள். அபூர்வமாக ஒரு குழந்தைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், அதற்கான மருந்து எங்கள் கையில் இருக்கும், பஸ்ஸில் இருக்காது. அந்த அரை மணியில் நான் அடுத்த தேதியை அட்டையில் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டி, பாட்டி கூட வந்திருந்தால் அவரையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ராத்திரியைப் பற்றிப் பேசுவேன். வீட்டில் முடிவு எடுப்பது அநேகமாகப் பாட்டிதான்.

ராத்திரி இப்படித்தான் போகும். காலை பத்து மணிக்குப் போட்டால் மதியம் வரை பிள்ளை சாதாரணமாக இருக்கும், நன்றாகத் தூங்கவும் செய்யும். சாயங்காலத்துக்கு மேல் உடம்பு சூடாகும். காலைத் தொட்டாலே அழும், துணி மாற்றும்போது கூடுதலாக அழும். இடது தொடைதான் பெரும்பாலும் சிவந்து வீங்கும், ஏனென்றால் காய்ச்சலும் வலியும் தருவது முக்கியமாகப் பெண்டாவில் உள்ள கக்குவான் இருமல் மருந்து. காய்ச்சல் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி சில வாரம்கூட இருக்கும், வலி இல்லாமல் இருந்தால் தானாகக் கரையும்.

“வெந்நீர் ஒத்தடம் குடுத்தா கரைஞ்சிரும்மா, நாங்க அஞ்சு புள்ளைக்கும் அதான் செஞ்சோம்” என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். அவர்களோடு சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. “ஆத்தா, பச்சப்புள்ள தோலு, பொத்துப் போயிரும். பச்சத் தண்ணியில துணிய நனைச்சு மேல வச்சு எடுங்க, போதும்” என்பேன். தேய்க்கக் கூடாது, எண்ணெய் போட்டு உருவக் கூடாது, மஞ்சள் பற்று வேண்டாம். பிறந்த அன்று தோளில் போட்ட பிசிஜி இடமும் சரியாக இந்தச் சமயத்தில்தான் கொப்புளித்து, உடைந்து, லேசாகச் சீழ் கசியும். ரெண்டும் ஒரே நேரத்தில் வருவதால் இன்றைக்குப் போட்ட ஊசிதான் பழுத்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். பழுத்திருப்பது இடது தோளா, இன்றைக்கு ஊசி போட்ட வலது தோளா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பிசிஜி புண்ணை அப்படியே விட்டுவிடுங்கள், கொஞ்ச நாளில் காய்ந்து தழும்பாகும்.

காய்ச்சல் மருந்தைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பாராசிட்டமால் குழந்தையின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். நாலரைக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் மூன்று விதமான பாட்டில் கிடைக்கும். சொட்டு மருந்து என்றால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், அதில் அரை மில்லி போதும். 5 மில்லியில் 125 என்று போட்ட சிரப் என்றால் 2 மில்லி. 5 மில்லியில் 250 என்று போட்ட சிரப் என்றால் 1 மில்லி. மருந்து ஒன்றுதான், அளவுதான் மூன்று. அக்கா பிள்ளைக்கு சிரப்பில் 2 மில்லி கொடுத்ததை நினைவில் வைத்து, சொட்டு மருந்துப் பாட்டிலில் 2 மில்லி எடுத்தால் 200 மில்லிகிராம் போய்விடும், தேவைக்கு நாலு மடங்கு. அதனால் அன்றைக்கு எடை பார்த்ததும் எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று செவிலியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலோடு வரும் பில்லரிலேயே எடுங்கள், சாப்பாட்டு ஸ்பூனில் வேண்டாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் போகக் கூடாது. காய்ச்சல் வரும் முன்னே தடுப்புக்காகக் கொடுக்கவும் வேண்டாம். துணி போட்டு மூடிப் புழுங்க வைக்காமல் மெல்லிய சட்டையோடு விட்டு, அடிக்கடி பால் கொடுத்தாலே பாதி அடங்கும்.

எதைப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுவேன். எடுத்து வைத்தும் அணைத்தும் மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காமல் போவது, வலிப்பு, துவண்டுபோய் எழுப்பினாலும் எழாமல் இருப்பது, பாலைக் குடிக்கவே மறுப்பது, உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்குவது, 102 டிகிரிக்கு மேல் போய் மருந்துக்கும் இறங்காத காய்ச்சல். இதில் எது வந்தாலும் 108க்கு அடித்துவிட்டு, பிறகு எனக்குச் சொன்னால் போதும். இரண்டு நாள் கழிந்தும் காய்ச்சல் இருந்தால், அல்லது இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டுப் புதிதாகக் காய்ச்சல் வந்தால், அதை ஊசிக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அது வேறு தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். தொடைக் கட்டி நாளுக்கு நாள் பெரிதாகிச் சூடாக, மெத்தென்று ஆனாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொல்ல நேரம் இருக்காது. அதனால் செவ்வாய்க்கிழமை அனுப்பும் செய்தியைச் சுருக்கி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், ஊர்ப் பெயரும் நேரமும் மட்டும் மாற்றினால் சரி:

“வணக்கம்மா. நாளை புதன், பாப்பாவுக்கு ஒன்றரை மாத ஊசி. காலை 9 மணிக்கு துணை சுகாதார நிலையத்துக்கு வாங்க. ஊசி அட்டை, தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தா டிஸ்சார்ஜ் காகிதம், மாற்றுத் துணி எடுத்து வாங்க. முன்னால் கட்டுற ஜப்லா போட்டு வாங்க. பால் கொடுத்துட்டே வரலாம். மூணு ஊசி, ரெண்டு சொட்டு மருந்து. போட்ட பிறகு அரை மணி நேரம் இருக்கணும். ராத்திரி காய்ச்சலும் அழுகையும் வரலாம், ஒண்ணு ரெண்டு நாளில் சரியாகும், எவ்வளவு மருந்துன்னு நாளைக்கு எழுதித் தர்றேன். சளி இருந்தாலும் வாங்க, பார்த்துச் சொல்றேன்.”

படிக்கத் தெரியாதவர்களுக்கு இதையே குரல் பதிவாக அனுப்புவேன். ‘காலை 9 மணி’ என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பிசிஜி, தட்டம்மை மாதிரியான சில மருந்துகளைக் கரைத்துத் திறந்துவிட்டால் நாலு மணி நேரம்தான் ஆயுசு, பிறகு மிச்சத்தைக் கீழே போட வேண்டும். பாட்டில் மேலேயே திறந்த நேரத்தை எழுதி வைத்திருப்போம். மதியம் ஒரு மணிக்கு ஒற்றைப் பிள்ளை வந்தால் அதற்காகப் புதுப் பாட்டிலைத் திறப்போம்தான். ஆனால் எல்லோரும் காலையில் வந்தால் வீணாவது குறையும்.

ஒன்பது மாத ஊசிக்கு இதே செய்தி உதவாது, ராத்திரிக் கணக்கு மாறிவிடும். அப்போது போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு அன்று பெரிதாக ஒன்றும் இருக்காது, கூடப் போடும் மற்ற ஊசிகளால் லேசாகச் சுடலாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும், முகத்திலும் மார்பிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொரியும் வரும். ஊசி போட்டதையே வீட்டில் மறந்திருப்பார்கள். “அம்மை போட்டிருச்சு” என்று வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு, மருந்தும் கொடுக்காமல் குளிப்பாட்டாமல் வைத்திருப்பார்கள். வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும். காய்ச்சலுக்கு எடை பார்த்துச் சொன்ன மருந்தைக் கொடுங்கள், பாலும் சாப்பாடும் வழக்கம்போல, இரண்டு மூன்று நாளில் பொரி மறையும். மறையாவிட்டாலோ பிள்ளை சோர்ந்தாலோ அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள், என்றைக்கு என்ன போட்டோம் என்பது அதில் இருக்கும்.